ஊர்ல அப்பாவோட சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்: மூணு மாச வட்டி எவ்வளவு வரும், டிடிஎஸ் எவ்வளவு போகும்னு நாமளே கணக்கு போடுறது எப்படி

சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு, வட்டி குடுக்கும்போதே ஒரு பங்க வரிக்குன்னு பிடிச்சுக்கிற இந்த டிடிஎஸ் விஷயம் கொஞ்சம் புதுசாதான் இருக்கும், ஏன்னா இங்க பேங்க்ல போட்ட பணத்துக்கு வர்ற வட்டிக்கு தனிநபருக்கு வரி கிடையாது, யாரும் பிடிச்சுக்கிட்டு குடுக்கறதும் கிடையாது. அதனால ஊர்லேர்ந்து அப்பா போன் பண்ணி "தம்பி, இந்த தடவ வட்டி கம்மியா வந்துருக்குப்பா, போஸ்ட் ஆபீஸ்ல கேட்டா சிஸ்டம் பிடிச்சிருச்சுங்கறாங்க"ன்னு சொன்னா நமக்கு பதில் தெரியறதில்ல. இத முன்கூட்டியே கணக்கு போட்டு வச்சிடலாம், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. எந்த மாசம் எவ்வளவு வரும், எந்த மாசம் வெட்டு விழும், அந்த வெட்டை நிறுத்த முடியுமா, இந்த மூணுக்கும் பதில் ஒரே ஷீட்ல வந்துரும்.

கீழ இருக்குறது எல்லாம் 2025-26 நிதியாண்டு கணக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரைக்கும். 2026 ஏப்ரல் 1லேர்ந்து இந்தியாவுல புது வருமான வரி சட்டம்தான், செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிடும், அதனால அதுக்கு அப்புறம் கணக்கு போடுறவங்க அந்த வருஷத்து வரம்பையும் படிவத்தோட பேரையும் ஒரு தடவ சரிபாத்துக்கங்க, கணக்கு போடுற முறை இதேதான்.

முதல்ல பாஸ்புக்க போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க

வேணுங்கறது மூணே விஷயம்தான்: போட்ட தொகை, போட்ட தேதி, அந்த தேதியில இருந்த வட்டி விகிதம். இதுல ஆளுங்க தடுமாறுறது மூணாவதுல. இந்த ஸ்கீமோட வட்டி விகிதத்த இந்திய நிதி அமைச்சகம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அறிவிக்கும், ஆனா உங்க அப்பா என்னைக்கு பணம் போட்டாரோ அன்னைக்கு இருந்த விகிதம் அஞ்சு வருஷத்துக்கும் அப்படியே பூட்டிக்கும். நெட்ல பாத்து இன்னைக்கு 8.2ன்னு போட்டிருக்கேன்னு அத எடுத்து பழைய கணக்குக்கு போட்டீங்கன்னா தப்பா வரும். 2020 ஏப்ரல்லேர்ந்து 2022 செப்டம்பர் வரைக்கும் போட்டவங்களுக்கு 7.4 சதவீதம், 2022 அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை 7.6, 2023 ஜனவரியிலேர்ந்து மார்ச் வரை 8, 2023 ஏப்ரல்லேர்ந்து 8.2. அஞ்சு வருஷம் முடிஞ்சு மூணு வருஷத்துக்கு நீட்டிச்சிருந்தா, முதிர்வு தேதியில என்ன விகிதம் இருந்துச்சோ அதுதான் நீட்டிச்ச காலத்துக்கு.

ரெண்டு மூணு தடவையா பணம் போட்டிருந்தா ஒவ்வொண்ணும் தனி அக்கவுண்ட், தனி தேதி, தனி விகிதம், தனித்தனி வரிசையா எழுதுங்க. ஒருத்தர் எல்லாம் சேத்து 30 லட்சம் வரைக்கும் போடலாம் (2023 ஏப்ரலுக்கு முன்னாடி 15 லட்சம்). அம்மாவ ஜாயிண்டா சேத்திருந்தாலும் மொத்த பணமும் முதல் பேருக்காரரோடதுன்னுதான் கணக்கு, வட்டியும் டிடிஎஸ்ஸும் அவர் பான் நம்பர்லதான் விழும். பாதி பாதின்னு பிரிச்சு போட்டு "வரம்புக்குள்ளதான இருக்கு"ன்னு நிம்மதியா இருந்துறாதீங்க. அம்மாவுக்கும் 60 ஆயிருந்தா அவங்க பேர்ல தனியா இன்னொரு அக்கவுண்ட், அதுக்கு தனி வரம்பு, அது வேற கதை.

இன்னொண்ணு, நாம இங்கேர்ந்து அனுப்பின பணத்த அப்பா அதுல போட்டிருந்தாலும் வட்டி அவரோட வருமானம்தான். பிள்ளை அப்பாவுக்கு குடுக்குற பணத்துக்கு அங்க பரிசு வரி கிடையாது, அந்த வட்டிய நம்ம தலையில சேக்கறதும் கிடையாது. ஆனா என்ஆர்ஐ யாரும் தன் பேர்ல இந்த ஸ்கீம்ல கணக்கு திறக்க முடியாது, அத மனசுல வச்சுக்கங்க.

மூணு மாச வட்டிய போடுறது

முழு காலாண்டுக்கு கணக்கு ரொம்ப சுலபம், தொகைய வட்டி விகிதத்தால பெருக்கி நாலால வகுக்கணும். 8.2 சதவீதத்துல ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் 205 ரூபா. 30 லட்சம்னா 61,500. காலாண்டுங்கறது பணம் போட்ட நாள்லேர்ந்து மூணு மூணு மாசமா போறதில்ல, எல்லாருக்குமே மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31ன்னு முடியும், பணம் அதுக்கு அடுத்த மாசம் முதல் வேலை நாள்ல சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு வரும். இத எடுக்காம விட்டு வச்சா அதுக்கு ஸ்கீம்ல மேல வட்டி எதுவும் கிடையாது, அதனால சேவிங்ஸ் அக்கவுண்டோட இணைச்சிருக்கான்னு கேட்டுக்கங்க.

முதல் காலாண்டு மட்டும் முழுசா இருக்காது, போட்ட நாள்லேர்ந்து காலாண்டு முடியற வரைக்கும் எத்தன நாளோ அத்தன நாளுக்குதான். செக் குடுத்து போட்டிருந்தா செக் பாஸ் ஆன தேதிதான் போட்ட தேதி, குடுத்த தேதி இல்ல.

ஒரு ஆள எடுத்துக்குவோம். மன்னார்குடிப் பக்கம் 66 வயசு ரிட்டயர்டு ஆளு, பென்ஷன் மாசம் 30,000, 2025 மே 14ஆம் தேதி போஸ்ட் ஆபீஸ்ல 30 லட்சம் போட்டாரு, 8.2 சதவீதம். வருஷ வட்டி 2,46,000, ஒரு நாளைக்கு 674 ரூபா மாதிரி வருது. மே 14லேர்ந்து மே 31 வரைக்கும் 18 நாள், ஜூன் 30 நாள், ஆக மொத்தம் 48 நாள், முதல் வட்டி 32,351. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 61,500.

ஷீட்ல B2ல தொகை, C2ல விகிதம், D2ல நாள் எண்ணிக்கை வச்சா, முதல் காலாண்டுக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு:

```
=ROUND(B2*C2*D2/365,0)
=ROUND(B2*C2/4,0)
```

C2ல 8.2%னு சதவீதக் குறியோட டைப் பண்ணுங்க, வெறும் 8.2ன்னு போட்டா வட்டி நூறு மடங்காயிடும். வந்த பணம் உங்க கணக்குல இருந்து ஒரு 674 ரூபா கூடக்குறைய இருந்தா அது போட்ட நாள சேத்தாங்களா விட்டாங்களாங்கற வித்தியாசம்தான், அதுக்காக அப்பாவ கவுன்டருக்கு அலைய விடாதீங்க. ஆனா அடுத்த முழு காலாண்டுல 61,500க்கு பதிலா வேற நம்பர் வந்தா (வெட்டு எதுவும் இல்லாம) விகிதம் தப்பா ஏறியிருக்குன்னு அர்த்தம், அப்ப கண்டிப்பா கேக்கணும்.

வெட்டு எப்ப விழும்

60 வயசு தாண்டினவங்களுக்கு, ஒரே இடத்துலேர்ந்து ஒரு நிதியாண்டுல வர்ற வட்டி ஒரு லட்சத்த தாண்டினா 10 சதவீதம் பிடிப்பாங்க. இந்த ஒரு லட்சம் 2025 ஏப்ரல்லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி 50,000 இருந்துச்சு. இங்க ரெண்டு விஷயத்த கவனிக்கணும். தாண்டின தொகைக்கு மட்டும் பிடிக்கறதில்ல, தாண்டிட்டா முதல் ரூபாயிலேர்ந்து மொத்த வட்டிக்கும் 10 சதவீதம். அடுத்தது, வரம்பு குடுக்குற இடத்துக்கு இடம் தனித்தனி, அதனால போஸ்ட் ஆபீஸ் வட்டிக்கு ஒரு லட்சம், பேங்க் எஃப்டிக்கு தனியா ஒரு லட்சம்.

நம்ம மன்னார்குடி ஆளுக்கு ஜூலையில 32,351 வருது. அக்டோபர்ல 61,500, சேத்து 93,851, இன்னும் ஒரு லட்சம் தாண்டல, அவரும் நிம்மதியா இருக்காரு. ஜனவரியில அடுத்த 61,500 வரும்போது மொத்தம் 1,55,351 ஆயிடுது, அதுல 10 சதவீதம் 15,535. முன்னாடி ரெண்டு தடவையும் பிடிக்காததால மூணு காலாண்டுக்குமான வெட்டும் இந்த ஒரே தடவையில விழுது, கைக்கு வர்றது 45,965. "வட்டிய கொறச்சுட்டாங்களா"ன்னு போன் வர்றது இந்த மாசம்தான். யாரும் குறைக்கல, சேத்து வச்சு பிடிச்சிருக்காங்க.

இத ஷீட்ல போடணும்னா E காலம்ல அந்தந்த காலாண்டு வட்டி, F காலம்ல டிடிஎஸ், ரெண்டாவது வரிசையிலேர்ந்து ஆரம்பிச்சு, F1ல தலைப்பு:

```
=IF(SUM(E$2:E2)>100000,ROUND(SUM(E$2:E2)*10%,0)-SUM(F$1:F1),0)
```

இத கீழ இழுத்துக்கங்க. இதுவரைக்கும் வந்த மொத்த வட்டிக்கு எவ்வளவு ஆகணுமோ அதுல ஏற்கனவே பிடிச்சத கழிச்சு மீதிய காட்டும்.

சில இடத்துல இப்படி காத்திருக்க மாட்டாங்க. வருஷத்துக்கு எப்படியும் ஒரு லட்சம் தாண்டும்னு தெரியறதால முதல் காலாண்டுலேயே ஆரம்பிச்சிருவாங்க, சட்டத்துலயும் "குடுக்கப்போற" தொகையும் சேத்திதான். அப்படின்னா ஜூலையில 3,235, அக்டோபர்ல 6,150, ஜனவரியில 6,150, கூட்டினா அதே 15,535. மொத்தம் மாறாது, எந்த மாசம் கை கடிக்கும்ங்கறதுதான் மாறும். ஜூலை பணம் வந்தவுடனே ஸ்டேட்மென்ட பாத்தா உங்க அப்பாவோட ஆபீஸ் எந்த ரகம்னு தெரிஞ்சுரும், மத்த மூணு மாசத்தையும் அத வச்சு எழுதிடலாம்.

பான் நம்பர் ஆதாரோட இணைக்காம செயலிழந்து கிடந்தா 10 இல்ல, 20 சதவீதம். கணக்குல 12,300 வெட்டு மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சா, அதாவது 61,500ல நேரா அஞ்சுல ஒரு பங்கு போயிருந்தா, முதல் சந்தேகம் பான் மேல படணும்.

மார்ச் காலாண்டு எந்த வருஷத்துல சேரும்

ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான வட்டி மார்ச் 31ஓட முடியுது, ஆனா கைக்கு வர்றது ஏப்ரல்ல, அதாவது அடுத்த நிதியாண்டுல. வட்டி சேந்த வருஷத்துல கணக்கு காட்டினா நம்ம ஆளுக்கு 2025-26க்கு 2,16,851, கைக்கு வந்த வருஷத்துல காட்டினா 1,55,351. ரெண்டு முறையில எத வேணா வச்சுக்கலாம், ஆனா வருஷா வருஷம் மாத்தி மாத்தி போடக்கூடாது. நான் சொல்றது, இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்ல அந்த மார்ச் வட்டிக்கான டிடிஎஸ் எந்த தேதியில வரவா காட்டுதுன்னு பாத்து அதே வருஷத்துல வட்டியையும் காட்டிடுங்க, ஏன்னா டிடிஎஸ் ஒரு வருஷமும் வட்டி இன்னொரு வருஷமும் இருந்தாதான் ரீஃபண்ட் மாட்டும். இதெல்லாம் முதல் வருஷமும் கடைசி வருஷமும்தான் தலைவலி, நடுவுல எந்த முறையில போட்டாலும் 2,46,000தான் வரும்.

முன்கூட்டி கணக்கு போடும்போது மட்டும் பெரிய தொகைய எடுத்துக்கங்க, அதாவது 2,16,851. கம்மியா நினச்சு ஏமாறத விட அது நல்லது.

டிடிஎஸ் வரி இல்ல, நிஜ வரி எவ்வளவுன்னு பாருங்க

பிடிக்கிற 10 சதவீதத்துக்கும் அப்பா உண்மையிலேயே கட்ட வேண்டிய வரிக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். நம்ம ஆளுக்கு பென்ஷன் வருஷத்துக்கு 3,60,000, அதுல நிலையான கழிவு 75,000 போனா 2,85,000. ஸ்கீம் வட்டி 2,16,851, பேங்க்ல 5 லட்சம் எஃப்டி இருக்கு, அதுல 35,000. மொத்தம் 5,36,851. புது வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரி இல்ல, மீதி 1,36,851க்கு 5 சதவீதம், 6,843 ரூபா. ஆனா மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருக்குற இந்தியக் குடியிருப்பாளருக்கு 87ஏ தள்ளுபடி முழு வரியையும் அடிச்சுருது. ஆக கட்ட வேண்டியது பூஜ்யம், பிடிக்கப்போறது இருபதாயிரத்துக்கு மேல.

இப்படி இருக்குறவங்களுக்குதான் 15எச் படிவம். "என் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யம், பிடிக்காதீங்க"ன்னு எழுதிக் குடுக்குறது. வட்டி மட்டுமே 4 லட்சத்த தாண்டினாலும் 60 வயசு ஆனவங்க குடுக்கலாம், கடைசியில வரி பூஜ்யமா இருக்கணும், அவ்வளவுதான், தள்ளுபடிக்கு அப்புறம் பூஜ்யமானாலும் செல்லும். ஒரு எச்சரிக்கை: அப்பா ஷேர் இல்ல மியூச்சுவல் ஃபண்ட் வித்து லாபம் பாத்திருந்தா, தனி விகிதத்துல வரி போடுற அந்த லாபத்துக்கு இந்த தள்ளுபடி கிடையாது, அப்ப மொத்தம் 12 லட்சத்துக்குள்ள இருந்தும் வரி வரலாம், 15எச் குடுக்கறதுக்கு முன்னாடி அத பாத்துக்கங்க.

படிவத்த ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல்ல குடுக்கணும், போன வருஷம் குடுத்தது இந்த வருஷத்துக்கு உதவாது. போஸ்ட் ஆபீஸுக்கு ஒண்ணு, பேங்குக்கு ஒண்ணு. புதுசா கணக்கு திறக்குறவங்க திறக்குற அன்னைக்கே குடுத்துரலாம். உள்ள "இந்த வருஷ மொத்த வருமானம்"னு ஒரு கட்டம் இருக்கும், அங்க 5,36,851 மாதிரி முழு தொகைய எழுதணும், ஸ்கீம் வட்டிய மட்டும் எழுதறவங்க நிறைய பேரு. குடுத்ததுக்கு ஒப்புகை சீட்டு வாங்கி போட்டோ எடுத்து வச்சுக்கங்க, இத நான் வற்புறுத்தியே சொல்லுவேன், ஏன்னா படிவம் டேபிள்லயே கிடந்து சிஸ்டத்துல ஏறாம வெட்டு விழுந்ததா நிறைய வீட்டுல கேள்விப்பட்டிருக்கேன்.

வெட்டு விழுந்ததுக்கு அப்புறம் 15எச் குடுத்தா மேற்கொண்டு பிடிக்கறது நிக்கும், பிடிச்சது திரும்ப வராது. அந்தப் பணம் வரித்துறைக்கு போயிருச்சு, ஆபீஸ்ல சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. பிடிச்சதுக்கு அத்தாட்சியா 16ஏ சான்றிதழ் வாங்கிட்டு, ஐடிஆர்ங்கற வருமான வரி கணக்கு போட்டு ரீஃபண்டா வாங்கணும். ஓடிபி அப்பாவோட இந்திய நம்பருக்குதான் போகும், இங்க ராத்திரி எட்டுன்னா அங்க அஞ்சரை, அவர் முழிச்சிருக்குற நேரமா பாத்து உக்காருங்க.

எல்லாருக்கும் 15எச் கிடையாது

பெரிய பென்ஷன்காரங்களுக்கு கணக்கு தலைகீழா வரும். மாசம் 80,000 பென்ஷன், 30 லட்சம் ஸ்கீம்ல முழு வருஷம், பேங்க் எஃப்டி வட்டி 2,00,000ன்னு வைங்க. கழிவு போக பென்ஷன் 8,85,000, ஸ்கீம் வட்டி 2,46,000, எஃப்டி 2,00,000, மொத்தம் 13,31,000. 12 லட்சம் தாண்டிட்டதால தள்ளுபடி போச்சு. வரி 79,650, நாலு சதவீத செஸ் சேத்து 82,836. ஸ்கீம்லயும் எஃப்டியிலயும் பிடிச்சது 24,600 கூட்டல் 20,000, ஆக 44,600. பென்ஷன் குடுக்குறவங்களுக்கு பென்ஷன் மட்டும்தான தெரியும், அது 12 லட்சத்துக்குள்ள இருக்குறதால அவங்க ஒண்ணும் பிடிச்சிருக்க மாட்டாங்க. அப்ப 38,236 கையிலேர்ந்து கட்டணும். "அதான் டிடிஎஸ் பிடிச்சுட்டாங்களே"ன்னு இருக்குறவங்களுக்கு நோட்டீஸ் வர்றது இப்படித்தான். ஒரு நல்ல விஷயம், தொழில் வருமானம் இல்லாத சீனியர் சிட்டிசனுக்கு முன்கூட்டி வரி கட்டணும்ங்கற கட்டாயம் கிடையாது, ஐடிஆர் போடும்போது ஜூலைக்குள்ள மொத்தமா கட்டினா போதும். அந்த 38,236ஐ ஏப்ரல் வட்டியிலேயே தனியா எடுத்து வச்சுட சொல்லுங்க.

அப்பா இங்க வந்து தங்கினா

15எச்சும் சரி, 87ஏ தள்ளுபடியும் சரி, வரி கணக்குல இந்தியக் குடியிருப்பாளரா இருக்குறவங்களுக்கு மட்டும்தான். அதனால பேரப்புள்ளைய பாத்துக்க லாங் டேர்ம் விசிட் பாஸ்ல அப்பா அம்மா வந்து தங்குற வீடுகள்ல ஒரு பயம் இருக்கு, 182 நாளுக்கு மேல வெளிய இருந்தா என்ஆர்ஐ ஆயிடுவாங்களான்னு. வழக்கமா ஊர்லயே வாழ்ந்து இப்ப வந்திருக்குற பெரியவங்களுக்கு அப்படி உடனே ஆகாது. அந்த நிதியாண்டுல 60 நாளாவது இந்தியாவுல இருந்து, அதுக்கு முந்தின நாலு வருஷத்துல 365 நாள் அங்க இருந்திருந்தா குடியிருப்பாளர்தான். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரை ஏழு மாசம் இங்க இருந்துட்டு நவம்பர்ல போனா கூட மார்ச்சுக்குள்ள 60 நாள் தாண்டிரும்.

முழு வருஷமும் இங்கயே இருந்து ஊருக்கு ஒரு மாசம் மட்டும் போயிட்டு வந்தா நிலைமை வேற, அந்த வருஷம் 15எச் குடுக்கக் கூடாது, வெட்டுற விகிதமும் மாறும், அப்ப ஊர்ல ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு பண்ணுங்க. பாஸ்போர்ட்ல இருக்குற தேதிகள ஷீட்ல இன்னொரு டேப்ல எழுதி வச்சிருந்தா ஏப்ரல்ல படிவம் நிரப்பும்போது இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிடலாம்.